கவிதையில் அடியின் நீளம்: எது நிறுத்துகிறது, எது ஓடவைக்கிறது

கேள்வி: "வரியைச் சின்னதாக உடைத்தால் மௌனம் வரும், நீளமாக எழுதினால் மூச்சுமுட்டும் என்கிறார்கள். ஒரு சொல்லுக்கு ஒரு வரி என்று எழுதிப் பார்த்தேன், மௌனம் வரவில்லை. என்டர் தட்டியது மட்டும்தான் தெரிகிறது. நீண்ட வரி எழுதினால் வெறும் உரைநடையாகிவிடுகிறது. எங்கே தப்பு?"

நீளம் மட்டும் எதையும் செய்வதில்லை. குறுகிய வரி மௌனமாக வேண்டுமென்றால், அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் வரவேண்டும் என்று காது எதிர்பார்த்திருக்க வேண்டும். நீண்ட வரி மூச்சுமுட்ட வேண்டுமென்றால், அதற்குள் மூச்சு விட இடம் இருக்கக்கூடாது. இந்த இரண்டும் தமிழில் எப்படி நடக்கின்றன என்பதை இரண்டு பழைய பாடல்களை வைத்துச் சொல்கிறேன். புதுக்கவிதை எழுதுகிறவருக்கு யாப்பு எதற்கு என்று தோன்றலாம். சீர்க்கணக்கை நீங்கள் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் அந்தக் கணக்கு இருப்பதால்தான் வரி எங்கே முடிகிறது, ஏன் அங்கே முடிகிறது என்பதை அப்பாடல்களில் ஊகமில்லாமல் காட்ட முடிகிறது.

முதலில் குறுகிய வரி. புறநானூற்றின் 112-ஆம் பாட்டு, பாரி மகளிர் பாடியது. மூவேந்தரும் பறம்பு மலையை முற்றுகையிட்டார்கள், பாரி இறந்தான், மலை போயிற்று. அதற்குப் பின் ஒரு நிலா நாளில் மகளிர் சொல்வது:

அற்றைத் திங்கள் அவ்வெண் நிலவில்
எந்தையும் உடையேம்எம் குன்றும் பிறர்கொளார்
இற்றைத் திங்கள் இவ்வெண் நிலவில்
வென்றெறி முரசின் வேந்தர்எம்
குன்றும் கொண்டார்யாம் எந்தையும் இலமே

வாய்விட்டுப் படியுங்கள். முதல் மூன்று அடிகளிலும் நான்கு நான்கு சீர். நான்காவது அடியில் மூன்றுதான்: வென்றெறி, முரசின், வேந்தர்எம். பிறகு மறுபடி நான்கு. கடைசிக்கு முந்தைய அடி முச்சீராக வருவது நேரிசை ஆசிரியப்பாவின் இலக்கணம். எத்தனையோ சங்கப் பாடல்களில் அது அப்படித்தான் இருக்கும். ஆகவே அந்த அடி குறுகியதற்காக மட்டும் இதை வியக்க வேண்டியதில்லை. அந்தக் குறுகிய அடியின் கடைசியில் எந்தச் சொல் நிற்கிறது என்று பாருங்கள். "எம்."

எங்கள் என்று சொல்லியாயிற்று. எங்கள் எது என்பது இன்னும் வரவில்லை. நான்காம் சீர் விழவேண்டிய இடம் காலியாக இருக்கிறது. மூன்று அடிகளாக நான்கு நான்காகக் கேட்டுப் பழகிய காது, வராத அந்தச் சீரின் இடத்தை உணர்கிறது. இலக்கணமோ அங்கே நிற்கவிடாமல் அடுத்த சொல்லுக்கு இழுக்கிறது. ஒன்று நிறுத்துகிறது, மற்றொன்று இழுக்கிறது. இரண்டுக்கும் நடுவில் உருவாகும் அந்தச் சிறு இடைவெளிதான் நீங்கள் தேடும் மௌனம். அதைத் தாண்டியதும் "குன்றும் கொண்டார்" வருகிறது.

இப்போது இரண்டாம் அடிக்குத் திரும்பிப் போங்கள். அங்கேயும் "எம் குன்றும்" இருக்கிறது. ஆனால் அங்கே இரண்டு சொற்களும் ஒரே அடிக்குள் சேர்ந்திருக்கின்றன. தந்தையும் மலையும்கூட அதே அடிக்குள்தான் இருக்கிறார்கள். அன்றைய நிலவில் "எம் குன்று" பிரியவில்லை. இன்றைய நிலவில் "எம்" ஓர் அடியிலும் "குன்றும்" அடுத்த அடியிலுமாகக் கிடக்கிறது. இழப்பைச் சொல்லும் இடத்தில் அடியே உடைமையைப் பிரித்துவிட்டது. இதைத் திட்டமிட்டுச் செய்தார்களா என்று கேட்டால் நிரூபிக்க வழியில்லை. பாட்டில் அது நடக்கிறது, படிக்கும்போது கேட்கிறது என்பது மட்டும் நிச்சயம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் அடி பிரித்து எழுதும் வழக்கம் இல்லை; வரி ஓலை முழுக்க ஓடும். அச்சில் நாம் காணும் வெற்றிடம் அன்று கண்ணுக்குக் கிடையாது. அப்படியானால் அடி முடிந்தது எப்படித் தெரிந்தது? சீர்க்கணக்கால் தெரிந்தது, தொடையாலும் தெரிந்தது. "அற்றை", "இற்றை" என்று முதலாம், மூன்றாம் அடிகள் எதுகையால் கட்டப்பட்டிருக்கின்றன. "வென்றெறி", "குன்றும்" என்று கடைசி இரண்டும் கட்டப்பட்டிருக்கின்றன. "குன்றும்" காதில் விழுந்ததும் புது அடி பிறந்துவிட்டது என்று கேட்பவருக்குத் தெரியும். மௌனத்தை உண்டாக்க வெள்ளைத்தாள் தேவைப்படவில்லை.

உங்கள் ஒரு சொல் வரிகள் ஏன் தோற்றன என்பதற்குப் பதில் இங்கேயே இருக்கிறது. எல்லா வரியும் ஒரு சொல் என்றால், ஒரு சொல்தான் அந்தக் கவிதையின் வழக்கமான அளவு. மூன்றாவது வரிக்குள் வாசகர் அதற்குப் பழகிவிடுவார். பிறகு எந்த வரியிலும் குறை தெரியாது. குறை தெரியாத இடத்தில் மௌனமும் இல்லை. சொல்லப்போனால் கண் கீழ்நோக்கிச் சரசரவென்று இறங்கும், கவிதை நீங்கள் நினைத்ததைவிட வேகமாக முடிந்துபோகும். குறுகிய வரியின் பலம் அதன் அண்டை வரிகளிலிருந்துதான் வருகிறது.

ஒரு சாதாரண வாக்கியத்தில் செய்து பார்ப்போம். "விற்ற வீட்டின் சாவி இன்னும் என்னிடம் இருக்கிறது." இதை முதலில் நீங்கள் சொன்ன மாதிரி உடைக்கிறேன்.

விற்ற
வீட்டின்
சாவி
இன்னும்
என்னிடம்
இருக்கிறது

ஆறு வரி, ஆறும் ஒரே எடை. எந்தச் சொல் முக்கியம் என்று கவிதைக்கே தெரியவில்லை. புதிதாக எழுதுகிறவர்கள் அடுத்துச் செய்வது கடைசிச் சொல்லைத் தனியாக வைப்பது.

விற்ற வீட்டின் சாவி இன்னும் என்னிடம்
இருக்கிறது

இது முன்னதைவிடப் பரவாயில்லை, ஆனாலும் பலவீனம். தமிழில் வினை கடைசியில் வரும். "என்னிடம்" வரை படித்தவர் "இருக்கிறது" வரப்போவதை ஏற்கெனவே அறிவார். அவர் அறிந்ததை ஒரு வரி காக்கவைத்துக் கொடுத்தால் காத்திருந்ததற்குப் பலன் இல்லை. பத்திரிகைகளில் வரும் கவிதைகளில் பாதிக்குமேல் இந்தப் பழக்கத்தைப் பார்க்கிறேன்: முடிவு வினையைத் தனி வரியில் தொங்கவிடுவது. அந்த வினை எதிர்பார்த்ததைக் கவிழ்க்கும்போது மட்டும்தான் அது வேலை செய்யும். "இருக்கிறது" வரவேண்டிய இடத்தில் "இல்லை" வந்தால், தனி வரிக்கு நியாயம் உண்டு. மூன்றாவது வழி:

விற்ற வீட்டின் சாவி
இன்னும்
என்னிடம் இருக்கிறது

இங்கே முதல் வரி ஓர் அளவை நிறுவுகிறது. இரண்டாவது வரி அதில் மூன்றில் ஒரு பங்கு. "இன்னும்" என்பதற்குப் பின் என்ன வேண்டுமானாலும் வரலாம்: கிடைக்கவில்லை, திருப்பித் தரவில்லை, துருப்பிடிக்கவில்லை. சொல் தனியாக நிற்கும் அந்த நேரத்தில் இவை எல்லாம் மனதில் எழுந்து அடங்குகின்றன. காலத்தைக் குறிக்கும் சொல்லே காலத்தை எடுத்துக்கொள்கிறது. எந்தச் சொல்லுக்குப் பின் வாசகர் காத்திருக்கச் சம்மதிப்பார் என்பதைக் கண்டுபிடித்து, வரியை அங்கே முடிக்க வேண்டும். உடைப்பதில் இருக்கும் வேலை இதுதான்.

இந்த வேலைக்குத் தமிழ் இலக்கணம் பெரிய துணை. வரி வினைமுற்றில் முடிந்தால் அங்கே வருவது மூடிய மௌனம். சொல்லி முடித்த மௌனம். வேற்றுமை உருபில் முடிந்தால் ("அவளுக்கு", "வாசலில்") காத்திருக்கும் மௌனம். பெயரெச்சத்தில் முடித்தால் இழுப்பு இன்னும் கடுமை: "எரிந்த" என்று நிறுத்தினால் எரிந்தது விளக்கா வீடா என்று தெரியாமல் மனம் விளிம்பில் நிற்கும். பாரி மகளிரின் "எம்" பெயரெச்சம் இல்லை, ஆனால் அதன் இழுப்பு இந்தக் கடைசி வகை. குறுந்தொகை 40-இல் "செம்புலப் பெயல்நீர் போல" என்று அதே முச்சீர் அடி முடிகிறதே, அதுவும் திறந்த முடிவுதான். எதைப் போல என்று தெரிந்துவிட்டது, என்ன நடந்தது என்பது அடுத்த அடிக்காகக் காத்திருக்கிறது.

ஒற்று மிகுவதைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் பலர் இதைக் கவனிப்பதில்லை. "சாவியைக் / கொடுத்தேன்" என்று வரியை உடைத்து, முதல் வரியின் கடைசியில் அந்தக் "க்"கையும் வைத்தால், நிறுத்தச் சொல்கிறீர்கள், கூடவே சேர்த்துப் படிக்கவும் சொல்கிறீர்கள். "க்" என்பது அடுத்த சொல்லின் ஒலி முன்கூட்டியே வந்து நிற்பது. இரண்டு சொற்களையும் ஒரே மூச்சில் சொல்லும்போது மட்டும் அது பிறக்கும். உண்மையான நிறுத்தம் வேண்டுமென்றால் அந்த ஒற்றுக்கு அங்கே இடமில்லை. வேகமாக விளிம்பைத் தாண்ட வேண்டுமென்றால் அது இருக்கட்டும். பிழைதிருத்துபவர் இயந்திரத்தனமாக ஒற்றுச் சேர்த்தால், இந்தக் காரணத்தைச் சொல்லி எடுக்கச் சொல்லலாம்.

நீண்ட வரிக்கு இனி வருவோம். நீண்ட வரி உரைநடையாகிவிடுகிறது என்கிறீர்கள். அனேகமாக உங்கள் நீண்ட வரிக்குள் முற்றுப்பெற்ற சிறு வாக்கியங்கள் இருக்கின்றன. பாரதியின் வசன கவிதையில் "தீ இனிது. நீர் இனிது. நிலம் இனிது." என்று வரும். இதை ஒரே வரியாக எவ்வளவு நீட்டினாலும் மூச்சு முட்டாது. ஒவ்வொரு "இனிது"விலும் வாக்கியம் தரையில் கால் வைத்துவிடுகிறது. பாரதி அங்கே வேண்டியது நிறைவு, அது கிடைத்திருக்கிறது. மூச்சுத்திணறல் வேண்டுமென்றால் முற்றுகளை அகற்ற வேண்டும்.

தாயுமானவரின் பரசிவ வணக்கம் இதற்கு நல்ல பாடம். முதல் பாட்டைப் புத்தகங்களில் எட்டு வரியாக அச்சிட்டிருப்பார்கள்:

அங்கிங் கெனாதபடி எங்கும் ப்ரகாசமாய்
ஆனந்த பூர்த்தியாகி
அருளொடு நிறைந்ததெது...

என்று சில பதிப்புகளில் இன்னும் சின்னதாகவும் உடைத்திருப்பார்கள். உண்மையில் அது நான்கே அடி. எதுகை காட்டிக்கொடுக்கிறது: அங்கிங்கு, தங்கும், எங்கும், கங்குல். இந்த நான்கு இடங்களில்தான் அடி தொடங்குகிறது. ஓரடி ஒரு டசன் சீருக்குக் குறையாமல் ஓடுகிறது. பாரி மகளிரின் முச்சீர் அடியைப் போல நான்கு மடங்கு. அச்சகம் தாளின் அகலத்துக்காக வெட்டியதை அடி என்று நம்பிப் படித்தால், பாட்டின் வேகமே கைநழுவிவிடும்.

அந்த அடிகளின் முடிவுகளைப் பாருங்கள். முதலடி "அகிலாண்ட கோடியெல்லாந்" என்று முடிந்து, "தங்கும்படிக்கு இச்சை வைத்து" என்று இரண்டாமடி தொடங்குகிறது. "எல்லாம்" என்பதன் மகரம், அடுத்த அடியின் "த"வைத் தொட்டு நகரமாகிவிட்டது. அடி எல்லையில் வாய் நிற்கவே இல்லை என்பதற்கு அதுவே சான்று. இரண்டாமடியின் முடிவு இன்னும் துணிச்சல்: "சமயகோடிகளெலாந் தந்தெய்வம் எந்தெய்வமென்" என்று நிற்கிறது, மூன்றாமடி "றெங்குந் தொடர்ந்தெதிர் வழக்கிடவும் நின்றதெது" என்று ஏறுகிறது. "என்று" என்ற சொல்லே இரண்டாகப் பிளந்து ஓரடியில் பாதியும் அடுத்ததில் பாதியுமாக இருக்கிறது. என் தெய்வம் உன் தெய்வம் என்று சமயங்கள் ஓயாமல் வாதாடும் இடத்தில், படிப்பவருக்கும் ஓய்வு இல்லை. மூன்றாமடியும் "மேல்" என்று திறந்தபடியே முடிந்து, நான்காவதற்குள் போகிறது.

ஆக மூன்று எல்லைகளிலும் ஓட்டம். உள்ளே மட்டும் எங்கேயாவது நிறுத்தம் உண்டா? "நிறைந்ததெது", "தழைத்ததெது", "நின்றதெது" என்று ஆறு முறை "எது" வருகிறது. அங்கே கால் லேசாகப் படுகிறது. ஆனால் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலைத் தராததால் முழு எடையையும் ஊன்ற முடியாது. பதில் நான்காமடியில்தான் வருகிறது: "அது." ஆறு கேள்விகளின் பாரத்தையும் மூச்சையும் தூக்கிக்கொண்டு வந்தவருக்கு அந்த "அது" கிடைக்கும்போது நெஞ்சு இறங்குவது, பாட்டின் பொருளை உடம்பால் அறிவது போன்றது. நல்ல குரலில் ஓதக் கேட்டவர்களுக்கு இது விளக்காமலே தெரியும்.

இங்கே தமிழ் கொடுக்கும் கருவி எச்சம். "வந்து", "எடுத்துக்கொண்டு", "இழுக்க", "பார்த்தபோது" என்று எத்தனை வினையெச்சம் வேண்டுமானாலும் அடுக்கலாம், வாக்கியம் முடியாது. முற்று வரும் வரை கேட்பவர் எதையும் கீழே வைக்க முடியாது. ஒரே நிகழ்ச்சியை இரண்டு விதமாக எழுதுகிறேன்.

கடைசி பஸ் போய்விடும். செருப்பைக் கையில் எடுத்தாள். வரப்பில் ஓடினாள். முள் புடவையைக் கிழித்தது. மேடேறிப் பார்த்தாள். சாலை காலி.

கடைசி பஸ் போய்விடும் என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேறு தெறிக்க வரப்பில் ஓடி முள்ளில் மாட்டிய புடவையை இழுத்துக் கிழித்துக்கொண்டு மேடேறிப் பார்த்தபோது
சாலை

முதலாவதில் ஓடுவது அவள் மட்டும்தான், நாம் நின்று வேடிக்கை பார்க்கிறோம். இரண்டாவதில் நாமும் ஓடுகிறோம், ஏனென்றால் "என்று" முதல் "பார்த்தபோது" வரை எங்கும் நிற்க இடமில்லை. பிறகு "சாலை." இங்கே ஒற்றைச் சொல் வரி தன் வேலையைச் செய்கிறது. அதற்கு முன் பதினைந்துக்கு மேற்பட்ட சொற்கள் ஓடிவந்ததால் அதன் பக்கத்திலுள்ள வெறுமை கேட்கிறது. "காலி" என்று சொல்லவே தேவையில்லாமல் போயிற்று.

எச்சம் அடுக்குவதிலும் ஓர் அளவு உண்டு. எல்லா எச்சமும் "-து" என்றோ "-க்கொண்டு" என்றோ ஒரே ஓசையில் முடிந்தால், அந்த ஓசையே ஒரு தாளமாகி வாசகர் அங்கங்கே மூச்சு விடத் தொடங்குவார். மேலே "என்று", "எடுத்துக்கொண்டு", "தெறிக்க", "ஓடி", "கிழித்துக்கொண்டு" என்று கலந்து வைத்தது அதற்காக. கமாவும் அப்படித்தான், ஒவ்வொரு கமாவும் ஒரு மூச்சு. திணறல் வேண்டிய வரியில் அதைப் போடாதீர்கள், பொருள் குழம்பினால் சொல் வரிசையை மாற்றுங்கள். ஓட்டத்துக்குக் காரணமும் வேண்டும்: பயம், ஆசை, கோபம், ஓட்டம், புலம்பல், ஏதாவது ஒன்று. அமைதியாக ஜன்னல் வழியே பார்ப்பதை இப்படி எழுதினால் வாசகருக்குக் களைப்புதான் மிஞ்சும்.

எழுதியதைச் சோதிக்க எளிய வழி, உங்கள் குரலில் கேட்டிராத ஒருவரிடம் கொடுத்து உரக்கப் படிக்கச் சொல்வது. நீங்கள் படித்தால் உங்கள் எண்ணம் குரலை நடத்திவிடும், தாளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நீண்ட வரியில் அவர் இரண்டு முறை படித்தும் ஒரே இடத்தில் மூச்சு எடுத்தால் அங்கே ஒரு முற்றோ, முற்றைப் போன்ற ஓசையோ ஒளிந்திருக்கிறது. குறுகிய வரிகளுக்கு வேறு சோதனை: வரி பிரிக்காமல் ஒரே வாக்கியமாக எழுதிக் கொடுங்கள். கேட்பதற்கு எதுவும் குறையவில்லை என்றால் உடைப்புகள் தேவையற்றவை. ஒரே ஓரிடத்தில் மட்டும் "இங்கே ஏதோ போய்விட்டது" என்று தோன்றினால், அந்த ஓர் உடைப்பை வைத்துக்கொண்டு மற்றதைச் சேர்த்துவிடுங்கள்.

செல்பேசித் திரை ஒரு நடைமுறைச் சிக்கல். தமிழ்ச் சொற்கள் நீளம். திரையில் நான்கைந்து சொல்லிலேயே வரி தானாக மடங்கிவிடும். மடங்கியதை உங்கள் உடைப்பு என்று வாசகர் நினைப்பார், நீண்ட வரி நான்கு நடுத்தர வரிகளாகத் தெரியும். தாயுமானவருக்கு அச்சகம் செய்ததை இன்று திரை உங்களுக்குச் செய்கிறது. மடங்கி வரும் பகுதியை உள்ளே தள்ளி வைக்க முடிந்தால் தள்ளிவையுங்கள், அது தொடர்ச்சி என்று கண்ணுக்குத் தெரியும். முடியாதபோது நீண்ட வரிகளுக்கு இடையில் ஒரு வெற்று வரி விடுங்கள். எது தானாக மடங்கியது, எது நீங்கள் முடித்தது என்று அப்போதாவது பிரியும். அதுவும் பொருந்தவில்லை என்றால் முழுவதையும் ஒரே பத்தியாக வெளியிட்டுவிடலாம். எச்சங்கள் சரியாக நின்றால் பத்தியாக இருந்தாலும் மூச்சு வாங்கும்.